பழைய வினாத்தாள், கடிகாரம், பிழை நோட்டு: அடுத்த இரண்டு மணி நேரத்தை எதற்குக் கொடுப்பது?

எழுத்துத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கிடைக்கிற அறிவுரை பெரும்பாலும் மூன்றுதான். பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார். நேரம் வைத்து எழுதிப் பழகு. திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகளை ஒரு நோட்டில் எழுதி வை. மூன்றுமே சரியான அறிவுரை. ஆனால் மூன்றுக்கும் நேரம் ஒரே இடத்திலிருந்துதான் வர வேண்டும். மூன்று மணி நேரத் தாள் ஒன்றை எழுதினால், அதைத் திருத்த ஒன்றரை மணி நேரம் போகும், தவறுகளை அலசி எழுத இன்னும் ஒரு மணி நேரம் போகும். ஒரு தாளுக்கு ஒரு நாள் படிப்பே போய்விடுகிறது. அதைவிட முக்கியமான ஒன்று, பழைய தாள்கள் எண்ணிக்கையில் குறைவு. ஒரு தாளை ஒரு முறைதான் முதல் முறையாக எழுத முடியும். பார்த்துவிட்ட தாளை நேரம் வைத்து எழுதினால், வரும் மதிப்பெண் திறமையைக் காட்டுகிறதா ஞாபகத்தைக் காட்டுகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் உண்மையான கேள்வி "மூன்றில் எது சிறந்தது" என்பதல்ல. என்னுடைய மதிப்பெண் இப்போது எங்கே போகிறது, அதை எந்த முறை மீட்டுத் தரும் என்பதுதான். இதற்கு விடை எல்லோருக்கும் ஒன்றாக இருக்காது. ஆனால் அதைக் கண்டுபிடிக்கிற வழி எல்லோருக்கும் ஒன்றுதான். அதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு மூன்றையும் ஒப்பிடுகிறேன்.

இரண்டு நிறப் பேனா

கையில் இருக்கும் தாள்களில் நடுத்தர வயதுள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மிகப் பழையது வேண்டாம், பாடத்திட்டம் மாறியிருக்கலாம். மிகப் புதியதும் வேண்டாம், அதைக் கடைசி வாரங்களுக்கு வைத்திருக்க வேண்டும். தேர்வில் எப்படியோ அப்படியே உட்கார்ந்து, புத்தகம் இல்லாமல், முழு நேரத்துக்கும் டைமர் வைத்து நீல மையில் எழுதுங்கள். ஒவ்வொரு வினாவையும் தொடங்கும்போது அதன் ஓரத்தில் மணியைக் குறியுங்கள். டைமர் அடித்ததும் பேனாவைக் கீழே வைக்க வேண்டாம், நிறத்தை மட்டும் மாற்றுங்கள். விட்டுப்போனதையும் பாதியில் நிற்பதையும் பச்சை மையில் எழுதி முடியுங்கள். புத்தகம் இப்போதும் கூடாது. தனக்கே தெரியவில்லை என்ற இடத்தில் மட்டும் நிறுத்துங்கள்.

திருத்தும்போது நூறு மதிப்பெண்ணும் நான்கு குவியலாகப் பிரியும். நீலத்தில் வாங்கியது முதல் குவியல். பச்சையில் வாங்கியது இரண்டாவது: இது தெரியும், நேரத்துக்குள் வரவில்லை. தெரியாமலே போனது மூன்றாவது. தெரிந்திருந்தும் வழுக்கியது நான்காவது: வினாவைத் தவறாகப் படித்தது, அலகு மாற்றாதது, இரண்டு பகுதி கேட்டிருக்க ஒன்றுக்கு மட்டும் எழுதியது. மூன்றாவதையும் நான்காவதையும் பிரிக்க ஒரு சோதனை உண்டு. தவறிய வினாவை விடையைப் பார்க்காமல் இன்னொரு முறை வாசியுங்கள். யாரும் எதுவும் சொல்லாமலே தவறு கண்ணில் பட்டால் அது வழுக்கல். விடைக்குறிப்பைப் பார்த்த பிறகுதான் "ஓ, இதுவா" என்று தோன்றினால் அது தெரியாதது. "பார்த்ததும் புரிந்துவிட்டது, அதனால் எனக்குத் தெரியும்" என்று இதை நான்காவது குவியலில் போடுவதுதான் அதிகம் நடக்கிறது. அப்படிப் போட்டால் மொத்தக் கணக்கும் கோணிவிடும்.

எடுத்துக்காட்டாக, இயற்பியல் தேர்வுக்குப் படிக்கிற ஒரு மாணவியை வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். 20 ஒரு மதிப்பெண் வினாக்கள், எட்டு ஐந்து மதிப்பெண் வினாக்கள், நான்கு பத்து மதிப்பெண் வினாக்கள். நீலத்தில் 58 வாங்கினாள். ஒரு பத்து மதிப்பெண் வினாவையும் ஒரு ஐந்து மதிப்பெண் வினாவையும் தொடவே நேரமில்லை. பச்சையில் எழுதி அவற்றில் 14 வாங்கினாள். மீதி 28. அதில் 9 தெரியாமல் போனது. 19 வழுக்கியது: அலகில் 7, வினாவைச் சரியாகப் படிக்காததில் 6, கேட்ட பகுதிகளில் ஒன்றை விட்டுவிட்டதில் 6.

இந்த எண்களைப் பார்க்கும் முன்பு அவளிடம் கேட்டிருந்தால், "எனக்கு வேகம் போதாது, தினமும் ஒரு தாள் நேரம் வைத்து எழுதப் போகிறேன்" என்று சொல்லியிருப்பாள். இரண்டு வினா எழுதாமலே விட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் நேரத்தில் போனது 14, வழுக்கலில் போனது 19. அதற்கு மேல், ஓரத்தில் குறித்த மணிகள் இன்னொன்றையும் சொல்கின்றன. படிக்கவும் சரிபார்க்கவும் 15 நிமிடம் ஒதுக்கினால் 165 நிமிடம் மிஞ்சும். ஒரு மதிப்பெண்ணுக்கு 1.65 நிமிடம், அதாவது ஐந்து மதிப்பெண் வினாவுக்கு எட்டு நிமிடம், பத்துக்குப் பதினாறு. ஒரு வரி வினாக்கள் இருபதையும் 25 நிமிடத்தில் முடிக்கலாம். அவள் எழுதியவற்றில் பெரும்பாலானவை இந்த அளவுக்குள்தான் இருந்தன. இரண்டு இடத்தில் மட்டும் நேரம் கசிந்திருக்கிறது. ஒரு வரி வினாக்களில் 38 நிமிடம், வராத ஒரு ஐந்து மதிப்பெண் கணக்கில் 21 நிமிடம். இரண்டிலும் சேர்த்து 26 நிமிடம் கூடுதல். தொடாத இரண்டு வினாவுக்கும் தேவைப்பட்டது 24 நிமிடம். அவளுடைய கை மெதுவாக ஓடவில்லை. வராத இடத்தை விட்டு நகராததுதான் காரணம். இரண்டுக்கும் மருந்து வேறு.

இப்போது மூன்று வழிகளையும் பார்க்கலாம்.

நேரம் வைக்காமல் பழைய வினாக்களைப் பிரித்துச் செய்வது

பழைய தாள்களை அத்தியாய வாரியாகப் பிரித்து, டைமர் இல்லாமல், ஒவ்வொரு வினாவாகச் செய்வது இந்த முறை. மூன்றாவது குவியலுக்கு, அதாவது தெரியாததற்கு, இதுதான் நேரான வழி. பாடத்தை மறுபடி வாசிப்பதைவிட இது ஏன் மேல் என்பதற்கு 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் வெளியிட்ட சோதனை ஒன்று நல்ல விளக்கம். ஒரு குழு ஒரு பத்தியை நான்கு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒரு முறை வாசித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்த குழு முன்னால் நின்றது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களுக்கு 40 சதவீதமும், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதமும் நினைவில் இருந்தது. படித்து முடித்த அன்று இரவு "எல்லாம் தெரியும்" என்று தோன்றுவதற்கும் அடுத்த வாரம் அது காணாமல் போவதற்கும் இதுதான் பின்னணி.

ஆனால் அத்தியாய வாரியாகச் செய்வதில் பலர் கவனிக்காத ஒரு குறை இருக்கிறது. "விசையும் இயக்கமும்" என்று தலைப்பிட்ட பத்து வினாவை வரிசையாகச் செய்யும்போது, எந்தச் சூத்திரம் என்று தேடவே வேண்டியதில்லை. தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வில் அந்தத் தலைப்பு இருக்காது. எந்த வழியில் போவது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை, அந்தப் பாதியை இங்கே பழகவே இல்லை. ரோரரும் டெய்லரும் 2007-இல் வெளியிட்ட சோதனையில், கனஅளவு காணும் கணக்குகளை ஒரே வகையாக அடுக்கிச் செய்தவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள். கலந்து செய்தவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் அடுக்கிச் செய்தவர்கள் 20 சதவீதத்துக்கு விழுந்தார்கள், கலந்து செய்தவர்கள் 63-இல் நின்றார்கள். பயிற்சியில் நன்றாக வருவதே ஒருவரை ஏமாற்றக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எண்களை நான் பார்த்ததில்லை.

அதனால் ஒரு அத்தியாயம் புதிதாக இருக்கும்வரை மட்டும் அடுக்கிச் செய்யுங்கள். நான்கைந்து வினா தானாக வர ஆரம்பித்ததும் மற்ற அத்தியாயங்களோடு கலந்துவிடுங்கள். கலந்ததும் மதிப்பெண் குறையும். அது பயப்பட வேண்டிய அறிகுறி அல்ல, தேர்வில் வரப்போகிற நிலைமை இப்போதே தெரிகிறது, அவ்வளவுதான்.

இந்த முறையில் இன்னொரு ஆபத்து விடைக்குறிப்பு. வினாவைப் படித்து, இரண்டு நிமிடம் யோசித்து, விடையைப் பார்த்து, "சரி, இப்படித்தான் நானும் போட்டிருப்பேன்" என்று தள்ளிவிட்டால் அந்த வினா செலவாகிவிட்டது, கிடைத்தது ஒன்றுமில்லை. தாளில் ஒரு வரியாவது எழுதாமல் விடையைப் பார்ப்பதில்லை என்ற விதியை வைத்துக்கொள்ளுங்கள். அது தவறான வரியாக இருந்தாலும் பரவாயில்லை. தவறான வரிதான் பிறகு பிழை நோட்டுக்குப் பயன்படும்.

பழைய தாள்களை வைத்து, எது அடிக்கடி வந்திருக்கிறது என்று எண்ணி, வராத பாடத்தை விட்டுவிடுவதும் உண்டு. எந்தப் பாடத்துக்கு எவ்வளவு மதிப்பெண் ஒதுக்கப்படுகிறது என்று அறிய எண்ணுவது நல்லது. ஒரு பாடத்தை முழுதாக விடுவதற்கு அது போதுமான ஆதாரம் இல்லை. பத்துத் தாளில் வராத ஒன்று பதினொன்றாவதிலும் வராது என்று தாள் தயாரிப்பவர் எந்த உறுதியும் கொடுக்கவில்லை.

முழுத் தாளை நேரம் வைத்து எழுதுவது

மூன்றில் அதிகம் கொண்டாடப்படுவது இதுதான், அதிகம் வீணடிக்கப்படுவதும் இதுதான் என்பது என் எண்ணம். முழுத் தாள் ஒரு அளவுகோல். அது வேறு எதனாலும் தெரியாத சில விஷயங்களைக் காட்டும்: இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு கையெழுத்தும் கவனமும் என்ன ஆகின்றன, எந்த வரிசையில் எழுதினால் ஒத்துவருகிறது, விருப்ப வினாக்களில் தேர்ந்தெடுப்பது சரியாக இருக்கிறதா. ஆனால் அளப்பதால் மட்டும் மதிப்பெண் ஏறாது. முழுத் தாளை எழுதி, மதிப்பெண்ணைப் பார்த்து, அடுத்த நாள் அடுத்த தாளுக்குப் போகிறவர்கள் அதே தவறுகளை இன்னும் வேகமாகச் செய்யப் பழகுகிறார்கள்.

இப்படி நடக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. மூன்று தாள் எழுதிய பிறகும் மொத்தம் ஏறக்குறைய அங்கேயே நிற்கும், வழுக்கல் குவியலில் அதே பெயர்கள் இருக்கும். அந்த நிலையில் நான்காவது தாளை எழுதுவது ஒரு நல்ல தாளைத் தூக்கிப் போடுவதுதான். மறுபுறம், இரண்டு தாளுக்கு இடையே மூன்று நான்கு மதிப்பெண் ஏறியதற்கும் இறங்கியதற்கும் பெரிய அர்த்தம் கொடுக்க வேண்டாம். தாளின் கடினமே அந்த அளவுக்கு மாறும். குவியல்களின் அளவு எப்படி மாறுகிறது என்பதுதான் பேசும்.

நேரப் பயிற்சி தேவைப்படுகிற பலருக்கு முழுத் தாள் தேவையே இல்லை. ஒரு பகுதி போதும். மேலே சொன்ன மாணவிக்கு வேண்டியது இரண்டு சிறிய பயிற்சிகள். ஒன்று, இருபது ஒரு வரி வினாவை 25 நிமிடத்தில் முடிப்பது. ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கிற வினாவை வட்டமிட்டு நகர்ந்து, கடைசியில் திரும்பி வருவது. இரண்டாவது, கலந்து எடுத்த ஐந்து மதிப்பெண் வினாக்கள் நான்கை 32 நிமிடத்தில் எழுதுவது. அதில் ஒரு நிறுத்த விதி: ஆறாவது நிமிடத்தில் அடுத்த வரி என்னவென்று தெரியவில்லை என்றால், தெரிந்த சூத்திரத்தையும் கொடுத்த மதிப்புகளையும் எழுதிவிட்டு, கீழே இடம் விட்டு, அடுத்த வினாவுக்குப் போய்விட வேண்டும். படிநிலைக்கு மதிப்பெண் உள்ள தேர்வில் அந்த இரண்டு வரிக்கே ஏதாவது கிடைக்கும். மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் இந்த விதியைப் பழக ஒன்றிரண்டு சந்தர்ப்பம்தான் வரும். அரை மணி நேரப் பயிற்சியில் வேண்டுமென்றே ஒரு கடின வினாவைச் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு முறையும் வரும்.

உண்மையிலேயே கை மெதுவாக இருக்கிறவர்களும் உண்டு. மணிக் குறிப்புகளைப் பார்த்தால் தெரியும்: எந்த ஒரு வினாவிலும் பெரிய தேக்கம் இருக்காது, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கூடியிருக்கும். இவர்கள் முதலில் தங்கள் விடைகளின் நீளத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து மதிப்பெண் விடைக்கு இரண்டு பக்கம் எழுதுகிறவர்களுக்கு வேகம் பிரச்சினையில்லை, அளவுதான் பிரச்சினை. விடைக்குறிப்பில் ஐந்து கருத்துக்கு ஐந்து மதிப்பெண் என்றால், அந்த ஐந்தையும் தாண்டி எழுதுகிற வாக்கியத்துக்கு ஒன்றும் கிடைக்காது.

பிழை நோட்டு

நான்காவது குவியலுக்கு மற்ற இரண்டு முறையும் உதவாது. வழுக்கலை இன்னும் அதிகம் படித்துச் சரிசெய்ய முடியாது, தெரிந்ததைத்தானே தவறவிடுகிறோம். வேகமாக எழுதிப் பழகினால் கூடவும் செய்யலாம். இதற்குத்தான் நோட்டு. ஆனால் பெரும்பாலான பிழை நோட்டுகள் இரண்டாவது வாரத்தில் செத்துவிடுகின்றன. காரணம் இரண்டு. ஒன்று, எல்லாத் தவறையும் எழுதுவது. அறுபது பதிவு சேர்ந்த பிறகு யாரும் அதைத் திறப்பதில்லை. இரண்டு, "கவனக்குறைவு" என்று எழுதுவது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அடுத்த தாளில் எதையும் மாற்றி எழுத முடியாது.

முதலாவதற்குத் தீர்வு, ஒரு தவறு முதல் முறை வந்தால் விடைத்தாளின் ஓரத்தில் பென்சில் குறி மட்டும் போடுவது. அதே வகை இரண்டாவது முறை வந்தால்தான் நோட்டில் இடம். அதே வினாவாக இருக்க வேண்டியதில்லை, அதே வகை. இப்படி வடிகட்டினால் ஒரு நேரத்தில் உயிரோடு இருக்கிற பதிவுகள் ஏழெட்டைத் தாண்டாது.

இரண்டாவதுதான் நோட்டின் உயிர். அந்த மாணவியின் அலகுத் தவறையே எடுத்துக்கொள்வோம். வினா இது: மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு பிரேக் போடப்படுகிறது, வேகம் வினாடிக்கு வினாடி 4 மீட்டர் வீதம் குறைகிறது, நிற்பதற்குள் எவ்வளவு தூரம் போகும்? சூத்திரம் அவளுக்குத் தெரியும்: v²/2a. 72-ஐ அப்படியே போட்டு 5184-ஐ 8-ஆல் வகுத்து 648 மீட்டர் என்று எழுதிவிட்டாள். 72-ஐ முதலில் வினாடிக்கு 20 மீட்டர் என்று மாற்றியிருந்தால் 400-ஐ 8-ஆல் வகுத்து 50 மீட்டர்.

"அலகை மாற்ற மறந்தேன், இனி கவனமாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் பயனில்லை. அந்த நொடியில் மனதில் என்ன ஓடியது என்று கேட்க வேண்டும். அவள் விஷயத்தில் விடை இதுதான்: சூத்திரம் ஞாபகம் வந்ததும் மகிழ்ச்சியில் எண்களை நேராக அதற்குள் போட்டுவிட்டாள், கொடுத்த மதிப்புகளைத் தனியாக எழுதவே இல்லை. ஆகவே பதிவு இப்படி அமையும்: "எப்போது நடக்கிறது: சூத்திரம் உடனே தெரிகிற கணக்கில். என்ன செய்தேன்: கொடுத்தவற்றை எழுதாமல் பிரதியிட்டேன். இனி செய்வது: சூத்திரத்துக்கு முன் கொடுத்த மதிப்புகளை அலகோடு ஒரு வரியில் எழுதுவது. காட்டிக்கொடுக்கும் அறிகுறி: வண்டி நிற்க அரை கிலோமீட்டருக்கு மேல் ஆகாது." கடைசி வரி முக்கியம். தேர்வின் முடிவில் சரிபார்க்க ஐந்து நிமிடம் கிடைத்தால் எதைத் தேடுவது என்று அது சொல்கிறது. "எல்லாவற்றையும் ஒரு முறை பார்" என்று சரிபார்க்கிறவர்களின் கண் எழுதியதை அப்படியே ஒப்புக்கொண்டு போய்விடும். "விடையின் அளவு நம்பும்படி இருக்கிறதா, பக்கத்தில் அலகு இருக்கிறதா" என்று தேடுகிற கண்ணுக்குத் தவறு தெரியும்.

கட்டுரை வகை விடைகளுக்கும் இதே வழிதான். "ஒப்பிடுக" என்ற வினாவுக்கு இரண்டையும் தனித்தனியாக விவரித்துவிட்டு ஒப்பிடவே இல்லை என்றால், "இனி செய்வது" என்ற இடத்தில் வர வேண்டியது "வினாவின் ஏவல் சொல்லை அடிக்கோடிட்டு, விடையின் முதல் வாக்கியத்தில் அதற்கே பதில் சொல்வது" என்பது போன்ற, கையால் செய்யக்கூடிய ஒரு செயல். கவனமாக இரு, நன்றாகப் படி, பதற்றப்படாதே என்ற மூன்றும் செயல்கள் அல்ல. அவை நோட்டில் வந்தால் அடித்துவிட்டு மறுபடி யோசியுங்கள்.

பதிவைத் தவறு நடந்த அன்றே எழுதிவிட வேண்டும். அன்று என்ன நினைத்தோம் என்பது இரண்டு நாளில் மறந்துவிடும், பிறகு காரணத்தைக் கற்பனையாகத்தான் எழுத முடியும். வினாவைத் திரும்பச் செய்வதோ நேர் எதிர்: அன்றே செய்தால் விடை காதில் ஒலித்துக்கொண்டிருக்கும். மூன்று நாள் கழித்து ஒரு முறை, அப்புறம் பத்து நாள் கழித்து அதே வகையில் வேறு வினா ஒன்று. வேறு வேறு நாளில், மற்ற வினாக்களோடு கலந்து வந்தபோது மூன்று முறை சரியாக வந்துவிட்டால் அந்தப் பதிவின் மேல் கோடு போட்டுவிடலாம். கோடு போடாத நோட்டு தடித்துக்கொண்டே போகும், தடித்த நோட்டை யாரும் புரட்ட மாட்டார்கள்.

நோட்டோடு சேர்த்துச் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை, விடை எழுதும்போதே "உறுதி" என்றோ "ஊகம்" என்றோ ஓரத்தில் ஒரு எழுத்துக் குறிப்பது. உறுதி என்று குறித்து, தவறாகப் போனவை தனிக் கவனத்துக்கு உரியவை. அவற்றைத் தேர்வில் யாரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை, ஏனென்றால் சந்தேகமே வராது. நல்ல செய்தியும் உண்டு. உறுதியாக நம்பிச் செய்த தவறு, திருத்திக் காட்டப்பட்டதும் அரைகுறை ஊகத்தைவிட எளிதாக மாறுகிறது என்று பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் 2001-இல் காட்டினார்கள். தவறு என்று தெரிந்தபோது வரும் அதிர்ச்சி சரியான விடையைப் பதிய வைக்கிறது. நாள் போகப்போகப் பழையது மறுபடி தலைகாட்டக்கூடும் என்பதால் பத்து நாள் கழித்துச் செய்யும் மறுபயிற்சியை இவற்றுக்கு மட்டுமாவது விடக் கூடாது.

எதை, எப்போது

குவியல் மூன்று பெரிதாக இருந்தால், அதாவது தெரியாததிலேயே 30, 40 போகிறது என்றால், முழுத் தாளையும் நோட்டையும் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, பிரித்த வினாக்களோடு பாடத்துக்குத் திரும்புங்கள். தெரியாததை நேரம் வைத்து எழுதிப் பயனில்லை. தெரியாததையெல்லாம் பிழை நோட்டில் ஏற்றினால் அது இன்னொரு பாடப்புத்தகமாகிவிடும். குவியல் இரண்டு பெரிதென்றால் பகுதி பகுதியாக நேரப் பயிற்சி. நான்கு பெரிதென்றால் நோட்டு. இரண்டு குவியல் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் நான் வழுக்கலைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன். ஒரு புதுப் பாடத்தைக் கற்று 9 மதிப்பெண் எடுக்கத் தேவைப்படும் நாட்களில், ஏற்கெனவே தெரிந்ததில் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றி 7 எடுத்துவிடலாம். அந்தப் பழக்கம் தாள் முழுதும் பயன்படும், ஒரு பாடத்தில் மட்டும் அல்ல.

தாள்களைப் பங்கிடுவதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். பத்துத் தாள் இருந்தால், பழைய நான்கை வெட்டிப் பிரித்து அத்தியாய வினாக்களாக்கிவிடலாம். நடுவில் உள்ள ஒன்றை இரண்டு நிறப் பேனாச் சோதனைக்கு வைக்கலாம். இரண்டைப் பகுதிப் பயிற்சிக்கு உடைக்கலாம். புதிய மூன்றைத் தொடவே கூடாது. கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது. அவை கடைசி மூன்று வாரத்தில், வாரம் ஒன்றாக, முழுத் தாளாக. ஐந்து தாள்தான் கிடைக்கிறது என்றால் இரண்டை வெட்டலாம், ஒன்று சோதனைக்கு, இரண்டு கடைசிக்கு. பகுதிப் பயிற்சிக்குப் பாடப்புத்தக வினாக்களை எடுத்து மதிப்பெண்ணுக்கு 1.65 நிமிடம் என்று நீங்களே நேரம் வைத்துக்கொள்ளலாம்.

தேர்வுக்கு இரண்டே வாரம்தான் இருக்கிறது என்றால் கணக்கு மாறும். அத்தியாய வாரியாகப் பிரித்துச் செய்ய நேரம் இருக்காது. முதல் நாளே சோதனைத் தாள், அடுத்த எட்டு நாள் அது காட்டிய வழுக்கல் வகைகளில் மூன்றை மட்டும் பிடித்து வேலை, நடுநடுவே அரை மணி நேரப் பகுதிப் பயிற்சி, பத்தாவது நாள் இன்னொரு முழுத் தாள். அதற்குப் பிறகு புதிய தாள் வேண்டாம். தேர்வுக்கு முந்தைய இரண்டு நாளில் எழுதிய தாள் காட்டும் குறையைச் சரிசெய்ய நேரமில்லை, உடல் அசதி மட்டும் மிஞ்சும்.

அந்த மாணவிக்கு எட்டு வாரம் இருந்தது என்று கொள்வோம். முதல் நான்கு வாரம் மூன்று பதிவுகளைச் சுற்றியே பயிற்சி, வாரம் இரண்டு முறை நிறுத்த விதியோடு அரை மணி நேரம், தெரியாமல் போன பாடத்துக்கு மட்டும் பிரித்த வினாக்கள். ஐந்தாவது வாரத் தொடக்கத்தில், பகுதிப் பயிற்சிக்கு ஒதுக்கிய இரண்டில் உடைக்காமல் விட்ட ஒன்றை முழுதாக எழுதுகிறாள். நீலத்தில் 74, பச்சையில் 4, தெரியாதது 11, வழுக்கல் 11. மொத்தத்தில் 16 கூடியது மட்டுமே கண்ணில் பட்டால், செய்ததையே இன்னும் நான்கு வாரம் செய்வாள். குவியல்களைப் பார்த்தால் வேறு முடிவு வரும். நேரம் இனி பிரச்சினை இல்லை, அரை மணி நேரப் பயிற்சியை வாரம் ஒன்றாகக் குறைக்கலாம். வழுக்கலில் அலகு மறைந்துவிட்டது. மீதி 11-இல் பெரும்பகுதி கேட்ட பகுதிகளில் ஒன்றை விடுவது. அந்தப் பதிவில் எழுதிய செயல் வேலை செய்யவில்லை என்று பொருள், அதை மாற்ற வேண்டும்: வினாவை அடிக்கோடிடுவதற்குப் பதில், எழுதத் தொடங்கும் முன்பே விடைத்தாளில் (அ), (ஆ), (இ) என்று இடம் விட்டு எழுதிவிடுவது. தெரியாதது 9-இலிருந்து 11 ஆனது, தாள் வேறு என்பதால். அந்த 11 எந்தப் பாடங்களிலிருந்து வருகிறது என்று பார்த்து, வெட்டி வைத்த நான்கு பழைய தாள்களில் அந்தப் பாடங்களின் வினா இன்னும் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணுவது அடுத்த நாள் வேலை.